பாடசாலைக்கு எவ்வளவு பெரிய மழைநீர்த் தாங்கி வேண்டும்?

மீள்குடியேறிய கிராமங்களில் பாடசாலைக் கிணறு உவராகிவிட்டால், அல்லது இன்னும் துப்புரவு செய்யப்படாமல் கிடந்தால், பிள்ளைகளின் குடிநீருக்குக் கூரைநீரே கைகொடுக்கும். தாங்கியின் அளவைக் கையிலுள்ள பணத்தைப் பார்த்துத் தீர்மானிப்பதே வழக்கமாக இருக்கிறது. மார்கழியில் நிரம்பி வழிந்த தாங்கி ஆடியில் வறண்டு, பவுசர் வரும்வரை பிள்ளைகள் காத்திருக்க நேர்வது இதனால்தான். பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தினர் ஓர் அளவு நாடாவும் கொப்பியும் வைத்துக்கொண்டு இந்தக் கணக்கைத் தாங்களே போட்டுப் பார்க்கலாம்.

ஒரு சதுர மீற்றர் இடத்தில் ஒரு மில்லிமீற்றர் மழை பெய்தால் ஒரு லீற்றர் தண்ணீர் சேரும். கூரையின் சரிவை அளக்க வேண்டாம். கூரை நிலத்தில் மறைக்கும் நீள அகலத்தை அளந்தால் போதும். 20 மீற்றர் நீளமும் 7.5 மீற்றர் அகலமும் கொண்ட ஒரு வகுப்பறைக் கட்டடத்தை எடுத்துக்கொள்வோம். அதன் பரப்பு 150 சதுர மீற்றர். வன்னியில் ஆண்டு மழையை 1,250 மில்லிமீற்றர் என்று வைத்து, தெறித்தும் ஆவியாகியும் பீலியைத் தாண்டியும் போவதற்கு ஐந்தில் ஒரு பங்கைக் கழித்தால், ஆண்டுக்கு 150,000 லீற்றர் கிடைக்கும்.

இனித் தேவையைப் பார்ப்போம். பிள்ளைகளும் ஆசிரியர்களுமாக 125 பேர், ஆளுக்கு 2 லீற்றர் குடிநீர் என்றால் ஒரு நாளுக்கு 250 லீற்றர். பாடசாலை நடக்கும் 200 நாட்களுக்கு 50,000 லீற்றர். கிடைப்பதில் மூன்றில் ஒரு பங்குதான். ஆனால் கைகழுவவும் மலசலகூடத்துக்கும் ஆளுக்கு 10 லீற்றர் கேட்டால் தேவை 250,000 லீற்றராகிவிடும். இந்தக் கூரை அதைத் தராது. எவ்வளவு பெரிய தாங்கி கட்டினாலும் தராது. அந்த வேலைகளுக்கு உவர்க் கிணற்று நீரே போதும்; தாங்கி நீரைக் குடிப்பதற்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

125 பேர் என்ற எண்ணிக்கையிலும் கவனம் வேண்டும். இன்றைய வரவு இடாப்பில் 70 பேர் இருக்கலாம். இன்னும் திரும்பி வரவேண்டிய குடும்பங்களின் பிள்ளைகளைக் கிராம அலுவலரிடம் விசாரித்துச் சேர்த்துக்கொள்ளுங்கள். தாங்கியைப் பிறகு பெருப்பிக்க முடியாது.

தாங்கியின் அளவைத் தீர்மானிப்பது ஆண்டு மழையல்ல, மழையில்லாத இடைவெளிதான். எங்கள் பக்கத்தில் பெரும்பகுதி மழை ஒக்டோபர் முதல் டிசெம்பர் வரை கொட்டித் தீர்ந்துவிடும். ஏப்ரலில் இடிமழை சிறிது வரும். மே நடுப்பகுதியிலிருந்து ஒக்டோபர் தொடங்கும்வரை காய்ச்சல்தான். சராசரி அட்டவணையில் ஜூலைக்கும் ஏதோ ஒரு அளவு மழை காட்டப்பட்டிருக்கும், அதை நம்பவேண்டாம். ஓராண்டு பெய்த மழையும் இன்னோராண்டு பெய்யாத மழையும் சேர்ந்ததுதான் அந்தச் சராசரி. இடைவெளியில் ஒரு துளியும் விழாது என்றே கணக்கிடுங்கள். ஓகஸ்ட் விடுமுறையைக் கழித்தால் அக்காலத்தில் ஏறத்தாழ 80 பாடசாலை நாட்கள் வரும். 80 × 250 = 20,000 லீற்றர். குழாய் மட்டத்துக்குக் கீழே தங்கும் நீருக்காகப் பத்திலொரு பங்கு கூட்டினால் 22,000 லீற்றர்.

4 மீற்றர் விட்டமும் 1.8 மீற்றர் நீர் உயரமும் உள்ள வட்டமான சீமெந்துத் தாங்கி இதற்குச் சற்றுக் கூடுதலாகவே கொள்ளும். உயரத்தைக் கூட்டி விட்டத்தைக் குறைத்தால் செலவு குறையும் என்று மேசன் சொல்லக்கூடும். முதலில் பீலியின் உயரத்தை அளந்து பாருங்கள். வாளி வைக்க அடித்தளம் ஓரடி உயரவேண்டும். அதற்கு மேல் தாங்கி எழுந்த பின்பும் பீலியிலிருந்து நீர் இறங்கச் சரிவு மிஞ்சவேண்டும்.

பணம் குறைவு என்று கூரையின் ஒரு பக்கத்துக்கு மட்டும் பீலி போடுவதும் நடக்கிறது. அது சிக்கனமல்ல. பெப்ரவரி முதல் ஏப்ரல் வரை 50 நாட்களில் 12,500 லீற்றர் குடித்து முடிந்திருக்கும். அந்த மாதங்களில் 100 மில்லிமீற்றர் மழை பெய்தால் இரு பக்கப் பீலியும் 12,000 லீற்றரைத் திருப்பித் தரும். ஒரு பக்கம் என்றால் பாதிதான். கோடையைக் குறைத் தாங்கியோடு தொடங்குவீர்கள்.

நீண்ட காய்ச்சலுக்குப் பின் வரும் முதல் மழையில் கூரைத் தூசியும் பறவை எச்சமும் கழுவப்பட்டு வரும். முதல் 150 லீற்றரையாவது வெளியே விடுங்கள். வழிவுக் குழாய்க்கு நுளம்பு வலை கட்டுங்கள். குடிக்கும் நீரைக் கொதிக்கவைத்தோ குளோரின் இட்டோ கொடுக்கவேண்டும்.

தாங்கிக்குள் சென்ரிமீற்றர் குறித்த ஒரு தடியை இறக்கி, வெள்ளி பின்னேரமும் திங்கள் காலையும் அளந்து எழுதிவையுங்கள். மேலே சொன்ன தாங்கியில் ஒரு நாட் பாவனைக்கு 2 சென்ரிமீற்றர், ஒரு கிழமைக்கு 10 சென்ரிமீற்றர் இறங்கும். அதைவிடக் கூட இறங்கினால் யாரோ கைகால் கழுவுகிறார்கள். வெள்ளிக்கும் திங்களுக்கும் இடையில் இறங்கினால் குழாயோ சுவரோ கசிகிறது. கோடை தொடங்கமுன் மேசனைக் கூப்பிடுங்கள்.