தட்டுக்கு முன்னால் வரும் தாள்

அறுவை சிகிச்சை முடிந்த சர்க்கரை நோயாளி ஒருவருக்கு, மெல்லத் தேவையில்லாத உணவு தரலாம் என்கிறார் மருத்துவர். வார்டு செவிலியர் உணவுத் தாளில் படுக்கை எண்ணுக்கு நேரே ‘மென் உணவு’ என்று மட்டும் எழுதினால், சர்க்கரை போட்ட ரவைக் கஞ்சியும் பாலில் ஊறிய பிரெட்டும் வந்துவிடலாம். சமைப்பவர் நோயாளியைப் பார்த்ததில்லை, தாளைத்தான் பார்க்கிறார். ‘மென் உணவு, சர்க்கரை நோய்’ என்று இரண்டும் ஒரே வரியில் இருந்தால், அளவான குழைந்த சாதம், பருப்பு, மசித்த காய், மோர் என்று தட்டு மாறும்.

அடுத்தது நேரம். ரெகுலர் இன்சுலினைப் பொதுவாகச் சாப்பாட்டுக்கு 30 நிமிடம் முன்பு போடுவார்கள். ஊசி போட்ட பிறகு தட்டு தாமதமானால் ரத்தச் சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கலாம். வியர்வை, கை நடுக்கம், படபடப்பு அதன் அடையாளங்கள். எனவே தட்டு எப்போது வரும் என்று சமையலறையில் கேட்டுவிட்டு ஊசி போடுவதே பாதுகாப்பு.

ஸ்கேனுக்காக மதியம் வெறும் வயிறு என்று மருத்துவர் மாற்றினால், கேஸ் ஷீட்டில் எழுதுவது போதாது. உணவுத் தாளைத் திருத்த வேண்டும். அந்த வேளை இன்சுலின் அளவையும் மருத்துவரிடம் கேட்க வேண்டும். தட்டு வந்ததும் அதிலுள்ள சீட்டில் பெயரும் உணவு வகையும் சரியா என்று உடனிருப்பவரும் பார்க்கலாம்.