கசக்கும் சுரைக்காய்ச் சாற்றைக் கொட்டிவிடுங்கள்

2010-ஆம் ஆண்டு தில்லியில் ஒரு தம்பதி, உடல்நலம் கருதிச் சுரைக்காய்ச் சாற்றுடன் பாகற்காய்ச் சாற்றையும் கலந்து அருந்தினர். இருவருக்கும் கடும் வாந்தி ஏற்பட்டது. அறிவியலாளரான கணவர் உயிரிழந்தார், மனைவி பிழைத்தார். பாகற்காய் கசப்பது இயல்பு என்பதால், சுரைக்காயின் கசப்பு விடுக்கும் எச்சரிக்கை அத்தகைய கலவையில் மறைந்துவிடுகிறது.

அந்தக் கசப்புக்குக் காரணம் குக்கர்பிட்டாசின் என்னும் நச்சுப்பொருள். தன்னைத் தின்ன வரும் உயிர்களிடமிருந்து காத்துக்கொள்ளச் செடி இதை உருவாக்குகிறது. பயிரிடப்படும் சுரையில் இது மிகக் குறைவு. கடும் வெப்பத்திலும் நீர்ப் பற்றாக்குறையிலும் கூடிவிடக்கூடும். காயின் தோற்றம் இதைக் காட்டிக்கொடுக்காது, நாக்குதான் அறியும்.

கூட்டு கசந்தால் ஒரு வாயோடு நிறுத்திவிடுகிறோம். சாற்றையோ, 'மருந்து என்றால் கசக்கத்தான் செய்யும்' என்று ஒரே மூச்சில் குடித்துவிடுகிறோம். ஆபத்து அங்கேதான் இருக்கிறது. வயிற்றுவலி, வாந்தி, வயிற்றுப்போக்கு எனத் தொடங்கி, சிலருக்கு இரத்த வாந்தியும் இரத்த அழுத்தச் சரிவும் நேர்கின்றன. இதற்கு முறிமருந்து கிடையாது. தாமதமின்றி மருத்துவமனைக்குச் செல்வதே வழி.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமம் அமைத்த வல்லுநர் குழுவின் அறிவுரை எளியது: பிழியும் முன் சிறு துண்டைச் சுவைத்துப் பாருங்கள், கசந்தால் எறிந்துவிடுங்கள், வேறு சாற்றுடன் கலக்காதீர்கள். தேனும் எலுமிச்சையும் கசப்பை மறைக்குமே தவிர, நஞ்சை நீக்கா. காய்க்குக் கொடுத்த காசு போனது போனதுதான். சாற்றைக் குடிப்பதால் அது திரும்பிவிடாது.