92 சதவீதம் ஒத்துப்போனால் போதுமா?

100 மார்பு எக்ஸ்ரே படங்களை இரு மருத்துவர்கள் தனித்தனியே பார்த்து, காசநோய் அறிகுறி 'உண்டு' அல்லது 'இல்லை' என்று குறிக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். 90 படங்களில் இருவருமே 'இல்லை' என்கிறார்கள். 2 படங்களில் இருவருமே 'உண்டு' என்கிறார்கள். மீதி 8 படங்களில் 4-ஐ முதல் மருத்துவர் மட்டும், 4-ஐ இரண்டாமவர் மட்டும் 'உண்டு' என்கிறார். உடன்பாடு 92 சதவீதம். ஆனால் யாராவது ஒருவர் சந்தேகப்பட்ட படங்கள் 10. அவற்றில் இருவரும் ஒத்துப்போனது இரண்டில்தான்!

ஏன் இப்படி? ஒவ்வொருவரும் 94 படங்களுக்கு 'இல்லை' என்றே சொல்கிறார்கள். படத்தையே பார்க்காமல் அதே விகிதத்தில் குறித்திருந்தாலும் தற்செயலாகவே ஒத்துப்போயிருப்பார்கள்: 0.94 × 0.94 + 0.06 × 0.06, அதாவது சுமார் 0.887.

உளவியலாளர் ஜேக்கப் கோஹன் 1960-இல் முன்வைத்த கப்பா என்ற அளவு இந்தத் தற்செயலைக் கழித்துவிடுகிறது:

κ = (0.92 − 0.887) ÷ (1 − 0.887) ≈ 0.29

முழு உடன்பாடு என்றால் 1, வெறும் தற்செயல் என்றால் 0. ஆக, 0.29 மிகக் குறைவுதான்.

கப்பாவையும் தனியே நம்பக் கூடாது. அதே 8 முரண்பாடுகளோடு 'உண்டு' 46, 'இல்லை' 46 என்று இருவரும் ஒத்துப்போயிருந்தால் κ 0.84 ஆகிவிடும். அதனால் இருவரின் பதில்களும் எப்படிப் பொருந்தின என்று காட்டும் நான்கு கட்ட அட்டவணையையும் சேர்த்தே கேட்டு வாங்குங்கள்.