கெடு நீட்டிக்கக் கேட்கும் மின்னஞ்சல்

ஆய்வேடு சமர்ப்பிக்கும் நேரத்தில் நோய்வாய்ப்படும் முனைவர் பட்ட மாணவர்கள் பல்கலைக்கழகத்துக்கு எழுதும் மின்னஞ்சலில் பெரும்பாலும் நோயின் கதைதான் இருக்கும். காய்ச்சல் எப்படி வந்தது, வீட்டில் யார் யார் தவித்தார்கள் என்று இரண்டு பக்கம் போகும். அதைப் படிக்கும் பிரிவு உதவியாளர் அனுமதி தருபவர் அல்ல. கோப்பில் குறிப்பு எழுதி மேலதிகாரிக்கு வைப்பவர். பதிவு எண்ணும் தேதிகளும் இல்லாவிட்டால் அவரால் குறிப்பு எழுத முடியாது; விவரம் கேட்டுப் பதில் எழுதுவார், அதற்குள் கெடு முடிந்துவிடும்.

ஒரு மாணவி ஆய்வுச் சுருக்கத்தை ஏற்கெனவே கொடுத்துவிட்டார், ஆய்வேட்டுக்குக் கடைசி நாள் ஜூன் 30 என்று வைத்துக்கொள்வோம். மே மாதம் அவருக்கு டெங்கு வருகிறது. அவர் எழுத வேண்டியது இவ்வளவுதான்:

“ஐயா, வணக்கம். என் பதிவு எண், துறை, நெறியாளர் பெயர் கீழே உள்ளன. ஆய்வேடு சமர்ப்பிக்க எனக்குக் கடைசி நாள் ஜூன் 30. டெங்கு காய்ச்சலால் மே 4 முதல் 31 வரை, 28 நாட்கள், மருத்துவமனையிலும் வீட்டிலுமாகச் சிகிச்சையில் இருந்தேன். ஐந்தாம் இயலின் திருத்தமும் கருத்துத் திருட்டுச் சோதனையும் மீதமுள்ளன. ஜூலை 28 வரை அவகாசம் வழங்கக் கேட்டுக்கொள்கிறேன். மருத்துவச் சான்றும் நெறியாளரின் பரிந்துரைக் கடிதமும் இணைத்துள்ளேன்.”

இழந்தது 28 நாள், கேட்பதும் 28 நாள். காரணமும் கோரிக்கையும் பொருந்துவதால் அதிகாரிக்கு ஒப்புக்கொள்வது எளிது. ‘சில மாதங்கள்’ என்று கேட்டால் எத்தனை என்ற கேள்வி எழும்.

மருத்துவச் சான்றில்தான் பலர் சறுக்குகிறார்கள். அதில் மருத்துவரின் பதிவு எண், கையெழுத்து, ஓய்வு தேவைப்பட்ட தேதிகள் மூன்றும் இருக்க வேண்டும். சான்றில் மே 20 வரை என்றிருக்க, மின்னஞ்சலில் மே 31 என்று எழுதினால் அந்தப் பதினோரு நாளைக் காரணம் காட்டியே கோப்பு திரும்பும். ரத்தப் பரிசோதனை அறிக்கைகளைக் கேட்காமல் அனுப்பத் தேவையில்லை. அவை உங்கள் அந்தரங்கம்.

நெறியாளரிடம் வாய்மொழியாகச் சொல்லிவிட்டால் போதும் என்று நினைப்பது ஆபத்து. “பார்த்துக்கலாம்மா” என்று அவர் சொன்னது கோப்பில் ஏறாது. அவரது பரிந்துரையோடு, கெடு முடியும் முன்பே, பல்கலைக்கழகம் தந்த முகவரியிலிருந்து அனுப்புங்கள். படுக்கையை விட்டு எழ முடியாவிட்டால் இரண்டு வரியில் தகவல் மட்டும் அனுப்பிவிட்டு, சான்றைப் பின்னால் கொடுக்கலாம்.

பதிவின் மொத்தக் காலமே முடியப்போகிறவர்களுக்கு இந்த மின்னஞ்சல் போதாது. 2022-ஆம் ஆண்டின் யுஜிசி விதிப்படி முனைவர் பட்டத்துக்கு அதிகபட்சம் 6 ஆண்டுகள். அதற்குமேல் மறுபதிவு மூலம் 2 ஆண்டுகள் வரை பெறலாம். பெண்களுக்கும் 40 சதவீதத்துக்கு மேல் குறைபாடுள்ள மாற்றுத்திறனாளிகளுக்கும் இன்னும் 2 ஆண்டுகள் உண்டு. அந்த நிலையில் இருப்பவர்கள் அவகாசம் கேட்டு எழுதாமல் மறுபதிவுக்கே விண்ணப்பிக்க வேண்டும்.