380 பங்கு சுருங்கிய கதை

2019 தொடக்கத்தில் வோடஃபோன் ஐடியா நிறுவனத்துக்கு இருந்த மொத்தப் பங்குகள் சுமார் 873 கோடி. 2025 ஏப்ரலில் அது 10,800 கோடியைத் தாண்டிவிட்டது. இடையில் எதையும் வாங்காமல், விற்காமல் 380 பங்குகளை வைத்திருந்தவரிடம் 2025-லும் 380 பங்குகள்தான். ஆனால் நிறுவனத்தில் அவருக்கு இருந்த பாத்தியதை பன்னிரண்டில் ஒன்றாகக் குறைந்துவிட்டது. பங்குச் சந்தையில் இதை ‘டைல்யூஷன்’ என்கிறார்கள். உரிமை நீர்த்துப்போவது என்று பொருள்.

முதல் பெரிய வெட்டு 2019 ஏப்ரலில் வந்த ரைட்ஸ் இஷ்யூ. நிறுவனம் ரூ.25,000 கோடி திரட்டியது. ஏற்கெனவே 38 பங்கு வைத்திருப்பவருக்கு 87 புதிய பங்குகள், விலை தலா ரூ.12.50. நமது 380 பங்குக்காரர் ரூ.10,875 கட்டினால் 870 புதிய பங்குகள் கிடைக்கும். நிறுவனத்தில் அவர் பங்கு விகிதம் இம்மியும் மாறாது. கட்டாவிட்டால் அது பழைய அளவில் 30 சதவீதமாகிவிடும்.

விகிதம் குறைவது ஒருபுறம். கையில் உள்ள காசு என்ன ஆகிறது? கணக்குக்காக, வெளியீட்டுக்கு முன் சந்தை விலை ரூ.30 என்று வைத்துக்கொள்வோம். பழைய 380 பங்கின் மதிப்பு ரூ.11,400. புதிய பங்குகளுக்குக் கட்டிய ரூ.10,875-ஐச் சேர்த்தால் ரூ.22,275. அதை 1,250 பங்குகளுக்கு வகுத்தால் ஒன்று ரூ.17.82. வெளியீட்டுக்குப் பின் விலை ஏறக்குறைய அங்கேதான் வந்து நிற்க வேண்டும். பணம் கட்டியவருக்கு நஷ்டமில்லை. கட்டாமல் சும்மா இருந்தவரின் 380 பங்கின் மதிப்போ ரூ.6,772 ஆகிவிடுகிறது. போன ரூ.4,628, மலிவு விலையில் புதிய பங்கு வாங்கியவர்களின் கைக்குப் போய்ச் சேர்ந்தது.

இதைத் தவிர்க்க மூன்றாவது வழியும் உண்டு. ரூ.17.82 மதிப்புள்ள பங்கை ரூ.12.50-க்கு வாங்கும் உரிமைக்கே ரூ.5.32 விலை உண்டு. 870 உரிமைகளையும் அந்த விலைக்கு விற்றால் அதே ரூ.4,628 கைக்கு வந்துவிடும். 2019-ல் இதற்குப் படிவம் நிரப்பி இன்னொருவர் பெயருக்கு மாற்றிக்கொடுக்க வேண்டியிருந்தது. சிறு முதலீட்டாளர்கள் பலருக்கு அது எட்டாத வேலை. 2020-ல் ரிலையன்ஸ் வெளியீட்டிலிருந்து இந்த உரிமை டீமேட் கணக்கிலேயே வரவு வைக்கப்பட்டு, சந்தையில் சில நாட்கள் விற்பனையாகிறது. கடைசி நாளுக்குள் விற்கவோ பணம் கட்டவோ இல்லையென்றால் அது ஒன்றுமில்லாமல் காலாவதியாகிவிடும்.

ரைட்ஸ் இஷ்யூவில் பழையவர்களைத்தான் முதலில் கேட்கிறார்கள். எஃப்.பி.ஓ. எனப்படும் தொடர் பொது வெளியீட்டில் அந்த முன்னுரிமை கிடையாது. யார் வேண்டுமானாலும் விண்ணப்பிக்கலாம். 2024 ஏப்ரலில் இதே நிறுவனம் அப்படி ரூ.18,000 கோடி திரட்டியது. ரூ.11 வீதம் சுமார் 1,636 கோடி புதிய பங்குகள் வந்ததில், ஒதுங்கி நின்றவர்களின் விகிதம் கால்வாசி குறைந்தது. ஆனால் அப்போது சந்தை விலை ரூ.13-ஐ ஒட்டித்தான் இருந்தது. மேலே போட்ட அதே கணக்கைப் போட்டால் பங்குக்கு ஏறத்தாழ 50 பைசாதான் இழப்பு. விகிதம் எவ்வளவு குறைந்தது என்பதைவிட, சந்தை விலைக்கும் வெளியீட்டு விலைக்கும் எவ்வளவு இடைவெளி என்பதே பெரிய கேள்வி.

அடுத்த கேள்வி, வந்த பணம் எங்கே போகிறது என்பது. 2023-லும் 2025-லும் மத்திய அரசு தனக்கு வரவேண்டிய பாக்கிக்குப் பதிலாக, தலா ரூ.10 வீதம் பங்குகளை எடுத்துக்கொண்டது. 2025-ல் மட்டும் ரூ.36,950 கோடி பாக்கிக்கு 3,695 கோடி பங்குகள். அரசின் பங்கு 49 சதவீதத்தைத் தொட்டது. ரொக்கமாக நிறுவனத்துக்கு எதுவும் வரவில்லை, கடன் சுமை இறங்கியது, அவ்வளவுதான். திரட்டும் பணம் புதிய வருமானத்தைக் கொண்டுவந்தால், பெரிதான நிறுவனத்தில் சிறிய பங்குகூட லாபமாகலாம். பழைய கடனை அடைக்கவே அது சரியாகப்போனால், லாபம் என்று ஒன்று வரும் நாளில் அதைப் பங்குபோட ஆட்கள் கூடியிருப்பார்கள்.

கம்பெனிகள் சட்டத்தின் 62-ஆவது பிரிவுப்படி, பழைய பங்குதாரர்களை விட்டுவிட்டு வெளியாருக்குப் பங்கு கொடுக்கச் சிறப்புத் தீர்மானம் வேண்டும். பதிவான வாக்குகளில் எதிர்ப்பைப் போல மூன்று மடங்கு ஆதரவு இருந்தாக வேண்டும். அதற்கான வாக்கெடுப்பு அறிவிப்பு உங்கள் மின்னஞ்சலுக்கு வரும். எதற்காகப் பங்கு வெளியிடுகிறார்கள் என்பது அதில் இருக்கும். படிக்காமல் அழித்துவிடாதீர்கள்.