‘கொ’வுக்குப் பக்கத்தில் எத்தனை சொல் நிற்கும்?

பல ஆண்டுகளுக்கு முன் நான் வடிவமைத்த ஒரு பக்கம் இன்னும் நினைவில் இருக்கிறது. நீண்ட கட்டுரை, முதல் சொல் ‘கொடைக்கானல்’. தொடக்க எழுத்தை மூன்று வரி உயரத்துக்குப் பெரிதாக்கும்படி கணினியில் சொல்லியிருந்தேன். இதழ் அச்சாகி வந்தபோது, பக்கத்தின் தொடக்கத்தில் ஒற்றைக் கொம்பு மட்டும் பெரிதாக நின்றது. அதற்குரிய ‘க’வும் காலும் பக்கத்தில் சிறிய எழுத்தில் ஒட்டிக்கொண்டிருந்தன.

அன்று பயன்படுத்திய எழுத்துருவில் ‘கொ’ என்பது மூன்று தனித்தனிக் குறிகள். கொம்பு முதலில், பிறகு ‘க’, பிறகு கால். ஓர் எழுத்தைப் பெரிதாக்கச் சொன்னால் கணினி முதல் குறியை மட்டும் எடுத்துக்கொண்டது. மூன்று என்று சொல்லியிருக்க வேண்டும். இன்றைய யூனிகோடில் ‘கொ’ இரண்டு குறிகள், அதுவும் ‘க’தான் முதலில். அதனால் மென்பொருள் தானாகச் சரியாக எடுத்துக்கொள்ளும் என்று நம்பிவிடக் கூடாது. உயிர்மெய் முழுதாக வந்திருக்கிறதா என்று கண்ணால் பார்த்தே ஆகவேண்டும்.

‘டிராப் கேப்’ எனப்படும் இந்தப் பெரிய தொடக்க எழுத்து லத்தீன் கையெழுத்துச் சுவடிகளிலிருந்து அச்சுக்கு வந்தது. 1457-இல் ஜெர்மனியின் மைன்ஸ் நகரில் அச்சான சங்கீத நூலிலேயே இருவண்ணத் தொடக்க எழுத்துகள் உண்டு. அந்த மொழியின் பேரெழுத்துகளில் பெரும்பாலானவை மேலும் கீழும் ஒரே மட்டத்தில் நிற்பவை, வரிகளுக்கு நடுவே செங்கல் போலப் பொருந்தும். தமிழில் பேரெழுத்து கிடையாது. ‘கி’யின் கொக்கி மேலே எழும்பும், ‘பு’வின் வால் கீழே இறங்கி நான்காம் வரியை இடிக்கும். அப்போது நான்காம் வரியையும் உள்ளே தள்ள வேண்டியிருக்கும்.

உயரத்தைவிட அகலம்தான் நம் பெரிய சிக்கல். அதே ‘கொ’வைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். பத்தி எழுத்து 10 பாயின்ட், வரிக்கு வரி இடைவெளி 14 பாயின்ட் என்று வைத்துக்கொள்வோம். மூன்று வரி உயரம் வேண்டுமென்றால் எழுத்து ஏறக்குறைய 34 பாயின்ட் உயர்ந்து நிற்க வேண்டும். பல தமிழ் எழுத்துருக்களில் அதற்கு 57 பாயின்ட் அளவு வைக்க வேண்டியிருக்கும். அந்த அளவில் கொம்பும் ‘க’வும் காலும் சேர்ந்து சுமார் 40 மில்லிமீட்டர் அகலம் பிடிக்கும். பத்தியின் அகலமே 55 மில்லிமீட்டர்தான் என்றால் மிஞ்சுவது 15. அதில் ஒரு வரிக்கு ஒரு தமிழ்ச் சொல் நிற்பதே கஷ்டம். இரண்டு வரி உயரமாகக் குறைத்தால் எழுத்தின் அகலம் 24 மில்லிமீட்டருக்குள் அடங்கும், வரியும் மூச்சுவிடும். நான் அதைவிடவும் விரும்புவது, எழுதியவரிடம் கேட்டு முதல் சொல்லை மாற்றுவது. ‘மலை’ என்று தொடங்கினால் சிக்கலே இல்லை.

கட்டுரையிலிருந்து ஒரு வாக்கியத்தைப் பிடுங்கிப் பெரிதாகப் போடுகிறோமே, அந்த ‘புல் கோட்’ வேறு விதத்தில் தவறிப்போகும். “அவர் அதை ஏற்கவே இல்லை” என்பது கட்டுரைக்குள் கனமான வரியாக இருக்கலாம். வெளியே எடுத்துவைத்தால் அவர் யார், அது எது என்று தெரியாது. “மூணு வருஷமா கெணத்துல தண்ணி இல்ல. இருந்தும் தென்னைய வெட்ட மனசு வரல” என்று ஒரு விவசாயி சொல்லியிருந்தால், அது தனியாகவே நிற்கும். அதைச் செந்தமிழாக்கிப் போடாதீர்கள். பேசியவர் பேச்சு பேசியபடியே இருக்கட்டும்.

அதை எங்கே வைப்பது? இரண்டு பத்திகளுக்குக் குறுக்கே நடுப்பக்கத்தில் வைத்தால், இடப்பத்தியைப் படித்து வருபவர் அந்த இடத்தில் தடுமாறுவார். மேற்கோளைத் தாண்டிக் கீழே போவதா, வலப்பத்தியின் உச்சிக்கு ஏறுவதா என்று அவருக்குத் தெரியாது. பத்தியின் தலையிலோ காலிலோ வைத்தால் இந்தக் குழப்பம் வராது. அதே வாக்கியம் கட்டுரையில் வரும் இடத்துக்கு அடுத்தே வைத்தால் ஒன்றையே இரண்டு முறை படிக்க வைக்கிறோம். கொஞ்சம் முன்னால் வைத்தால், அந்தப் பேச்சு எங்கே வருகிறது என்று தேடிக்கொண்டே படிப்பார்.

படக்குறிப்பில் பெரும்பாலும் சோம்பல்தான் தெரிகிறது. வறண்ட கிணற்றின் படத்துக்குக் கீழே ‘வறண்ட கிணறு’ என்று போடுவதால் யாருக்கு என்ன லாபம்? எந்த ஊர், எந்த மாதம், எத்தனை அடி ஆழம், ஓரத்தில் நிற்பவர் யார் என்பதையெல்லாம் படம் சொல்லாது, குறிப்புதான் சொல்ல வேண்டும். கட்டுரையைப் படிக்காமல் புரட்டுபவர் கண்ணும் அந்த இரண்டு வரியில் நிற்கும்.

பக்கம் வடிவமைப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அச்சுக்கு அனுப்பும் முன் பக்கத்தைத் தாளில் எடுத்து, கட்டுரையைப் பார்த்தே இராத ஒருவரிடம் கொடுத்து வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். அவர் எங்கே திக்குகிறாரோ அந்த இடத்தைத் திருத்துங்கள்.