நாளை காலை இன்டர்வியூ, இன்றிரவு யூடியூப்

பி.காம். முடித்த ஒரு பெண்ணுக்கு நாளை காலை பத்து மணிக்கு முதல் இன்டர்வியூ. இரவு பதினொரு மணிக்குக் கைப்பேசியை எடுத்து யூடியூபில் தேடுகிறாள். ‘நேர்காணலில் வெற்றி பெறுவதற்கான வழிமுறைகள்’ என்றா தேடுவாள்? அவளை உறுத்துவது ஒரே ஒரு கேள்வி. உள்ளே போய் உட்கார்ந்ததும் “உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்” என்பார்களே, அதற்கு என்ன சொல்வது? பெரும்பாலும் அதை ஆங்கில எழுத்தில்தான் தட்டுவாள்:

```
tell me about yourself freshers tamil
```

அந்தக் கேள்விக்கு அருமையாகப் பதில் சொல்லும் ஒன்பது நிமிட வீடியோவை ஒரு கல்லூரி ஆசிரியர் போட்டிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். தலைப்பு, ‘இன்டர்வியூ டிப்ஸ் பாகம் 3, கட்டாயம் பாருங்கள்!!!’ உள்ளே என்ன இருக்கிறது என்று யூடியூபுக்கும் தெரியாது, அந்தப் பெண்ணுக்கும் தெரியாது. நல்ல பாடம் ஒன்று, கேட்க வேண்டியவளின் காதில் விழாமலே போகிறது. எனக்கு இதில் உண்மையாகவே வருத்தம் உண்டு.

தலைப்பை இப்படி மாற்றலாம்:

```
Tell me about yourself: முதல் இன்டர்வியூவில் என்ன சொல்வது? | Freshers Tamil
```

அவள் தட்டும் சொற்கள் முதலிலேயே வந்துவிட்டன. கைப்பேசித் திரையில் நீளமான தலைப்பின் வால் வெட்டுப்படும். அதனால் உயிரான சொல் முன்னால் நிற்க வேண்டும், ‘பாகம் 3’ போன்றவை கடைசிக்குப் போக வேண்டும். யூடியூப் தலைப்புக்கு 100 எழுத்துக்குறிகள்தான் உச்சவரம்பு. தமிழில் எழுதுவோருக்கு இங்கே ஒரு சிக்கல். ‘நேர்காணல்’ நம் கணக்கில் ஐந்தெழுத்து. கணினியோ புள்ளியையும் துணைக்குறிகளையும் தனித்தனியாக எண்ணி ஒன்பது என்கிறது. மேலே உள்ள தலைப்பு அந்தக் கணக்கில் 75. முழுக்கத் தமிழிலேயே நீளமாக எழுதினால் நினைத்ததைவிடச் சீக்கிரம் இடம் தீர்ந்துவிடும்.

‘இதைப் பார்த்தால் வேலை உறுதி’ என்று மட்டும் எழுத வேண்டாம். பார்ப்பவரை ஏமாற்றும் தலைப்புகள் யூடியூபின் விதிகளுக்கே எதிரானவை. அதைவிட, வேலை வாங்கித் தருவதாகப் பணம் பறிப்பவர்கள் பேசுவதும் இதே மொழிதான். புதிதாகப் படித்து வந்த பிள்ளைகளை அந்த மொழிக்குப் பழக்கக் கூடாது.

அடுத்தது விவரக் குறிப்பு. யூடியூப் தாராளமாக 5,000 எழுத்துக்குறிகள் வரை அனுமதிக்கிறது. ஆனால் திறந்து படிக்காதவர் கண்ணில் படுவது முதல் ஓரிரு வரிகள்தான். பலர் அந்த இடத்தில் ‘வணக்கம் நண்பர்களே, நம் சேனலுக்கு வரவேற்கிறேன்’ என்று எழுதி, அதன்கீழ் தம் இன்ஸ்டாகிராம் முகவரியைப் போடுகிறார்கள். நம் ஆசிரியர் எழுத வேண்டியது இது: ‘வேலை அனுபவம் இல்லாத பட்டதாரிகள் இந்தக் கேள்விக்கு ஒன்றரை நிமிடத்துக்குள் எப்படிப் பதில் சொல்வது? படிப்பு, செய்த புராஜெக்ட், இந்த வேலையை ஏன் கேட்கிறோம் என்ற வரிசையில் ஒரு மாதிரிப் பதிலோடு.’ யாருக்கான வீடியோ, கையில் என்ன கிடைக்கும் என்ற இரண்டும் அதில் வந்துவிட்டன.

அதன்கீழ் நேரக்குறிப்புகள்:

```
00:00 ஏன் இதைக் கேட்கிறார்கள்
01:10 பதிலின் மூன்று பகுதிகள்
03:40 மாதிரிப் பதில்: பி.காம். மாணவி
06:15 புராஜெக்ட் இல்லாதவர்களுக்கு
08:00 சொல்லக் கூடாதவை
```

நள்ளிரவில் தேடுகிறவளுக்கு ஒன்பது நிமிடமும் வேண்டியிருக்காது. மாதிரிப் பதில் இருக்கும் 03:40-ஐத் தொட்டால் போதும். இந்த வரிகளை வைத்தே யூடியூப் வீடியோவைப் பகுதிகளாகப் பிரித்துக் காட்டும். அதற்கு முதல் வரி 00:00 என்றே தொடங்க வேண்டும், குறைந்தது மூன்று குறிப்புகள் நேர வரிசையில் இருக்க வேண்டும், ஒவ்வொரு பகுதியும் பத்து வினாடியாவது ஓட வேண்டும். முன்னுரையை விட்டுவிட்டு 00:20-இல் ஆரம்பிப்பதுதான் வழக்கமான தவறு. அப்போது பகுதிகள் தோன்றாது, காரணமும் எங்கும் சொல்லப்படாது.

தலைப்பு சரியா என்பதை யூடியூப் ஸ்டூடியோவில் பார்க்கலாம். வீடியோவின் படமும் தலைப்பும் எத்தனை முறை கண்ணில் பட்டன, அதில் எத்தனை பேர் தொட்டார்கள் என்ற விகிதம் அங்கே இருக்கிறது. கண்ணில் பட்டும் தொடவில்லையென்றால் தலைப்பையோ முகப்புப் படத்தையோ மாற்றிப் பார்க்க வேண்டும். நிறையப் பேர் தொட்டு, முதல் அரை நிமிடத்திலேயே கோடு சரிந்தால் கதை வேறு: தலைப்பு சொன்னதை வீடியோ உடனே தொடவில்லை. அப்போது தலைப்பைத் திருத்திப் பயனில்லை. நீண்ட முன்னுரையை ஸ்டூடியோவிலேயே வெட்டிவிடலாம். வெட்டினால் நேரக்குறிப்புகள் எல்லாம் தள்ளிப்போகும், அவற்றையும் மாற்றி எழுத வேண்டும். புதிய ஆட்களுக்கு வீடியோ பரவும்போது தொடும் விகிதம் குறைவது இயல்பு. அதைக் கண்டு தினமொரு தலைப்பு வைக்க வேண்டியதில்லை.

எந்தச் சொல்லைத் தேடி வந்தார்கள் என்ற பட்டியலும் ஸ்டூடியோவில் உண்டு. ‘self introduction’ என்று தேடி வருகிறவர்கள் அதில் அதிகம் தெரிந்தால், விவரக் குறிப்பின் முதல் வரியில் அந்தச் சொல்லையும் சேர்க்கலாம்.